தீபாவளி ஆர்டர் குளோஸ்: அந்தத் தையல்கடை போர்டுக்குள்ளே என்னென்ன இருக்கு தெரியுமா?

மதுரையில் வில்லாபுரம் ஹவுசிங் போர்டுப் பக்கம், மீனாட்சி நகர்ப் பக்கம், அப்படியே அவனியாபுரம் ரோட்டுப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தையல்கடை. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு அட்டை தொங்க ஆரம்பிக்கும். ‘தீபாவளி ஆர்டர் குளோஸ்.’ பார்த்ததும் நமக்குச் சுருக்கென்று வரும். “என்னண்ணே, இன்னும் இருபது நாள் கிடக்கே!” அந்த இருபது நாளிலேதான் விஷயமே இருக்கிறது!

சரஸ்வதி பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் எத்தனை நாள் தெரியுமா? 2022இல் 20 நாள். 2023இல் 20 நாள். 2024இல் அக்டோபர் 11க்கும் 31க்கும் நடுவில் அதே 20. 2025இல் 19. இந்த 2026இல் சரஸ்வதி பூஜை அக்டோபர் 19, தீபாவளி நவம்பர் 8, திரும்பவும் 20! இங்கிலீஷ் தேதியைப் பார்த்தால் தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை ஓடிப்பிடித்து விளையாடும். பூஜையிலிருந்து எண்ணினால் மட்டும் அசையவே அசையாது. பூஜை வளர்பிறை நவமி, தீபாவளி அடுத்து வரும் தேய்பிறை சதுர்த்தசி. நடுவில் இருபது திதி. ஒரு திதி ஒரு நாளைவிடச் சற்றே குறைவு, அதனால் வருஷத்துக்கு வருஷம் ஒரு நாள் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். ஆக, ‘சரஸ்வதி பூஜையோடு ஆர்டர் குளோஸ்’ என்று ஒரு தடவை பெயிண்டில் எழுதிவைத்த டெய்லர் அந்த போர்டை ஆயுசுக்கும் மாற்ற வேண்டியதில்லை. பஞ்சாங்கமே அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

சரி, இருபது நாளில் ஒரு கடை எத்தனை ஜாக்கெட் தைக்கும்? கேட்டால் நம்ப மாட்டீர்கள். இரண்டு பேர் தைக்கும் கடை, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லைனிங் ஜாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12. இப்போது பின்னாலிருந்து எண்ணுவோம். நவம்பர் 8 ஞாயிறு தீபாவளி. 7ஆம் தேதி சனிக்கிழமையைத் தொடவே கூடாது. ‘கை பிடிக்குது’, ‘கழுத்து இறங்கிருச்சு’ என்று திரும்பி வருகிறவர்களுக்கு அந்த நாள். ஆகவே டெலிவரி 6ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். ஹெம்மிங், ஹூக், அயர்ன் வேலைக்குக் கடைசியாக இரண்டு நாள். அப்படியானால் மிஷின் ஓடும் கடைசி நாள் நவம்பர் 4. அக்டோபர் 18 ஞாயிறு இரவோடு ஆர்டரை நிறுத்தினால், 19இலிருந்து நவம்பர் 4 வரை 17 நாள் கையில் இருக்கும். அதில் 19ஆம் தேதி மிஷினுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைக்கிற நாள். அன்றைக்குப் பெடலில் கால் படாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஒரு நாளைத் தின்னும். மழைக்கோ ஆள் வராததற்கோ இன்னும் ஒரு நாள் ஒதுக்கியாக வேண்டும். மிச்சம் 14 நாள். பன்னிரண்டால் பெருக்கினால் 168 ஜாக்கெட்!

பெரிய எண்ணிக்கை மாதிரிதான் தெரியும். ஒரு வீட்டிலிருந்து நாலு ஜாக்கெட் வந்தால் மொத்தம் 42 வீடு. அவ்வளவுதான் அந்தக் கடையின் தீபாவளி! மீனாட்சி நகரில் ஒரு தெருவுக்கே காணாது. போர்டில் இருக்கும் தேதியின் உண்மையான அர்த்தம் இந்த 168தான். அந்த எண்ணிக்கை அக்டோபர் 12ஆம் தேதியே நிரம்பிவிட்டால் நல்ல டெய்லர் அன்றைக்கே அட்டையை மாட்டிவிடுவார். தேதி இருக்கிறதே என்று 18 வரை வாங்கிக்கொண்டிருப்பவரிடம்தான் தீபாவளிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குக் கூட்டம் கூடும்.

“அண்ணே, ஒரே ஒரு ஜாக்கெட்தாண்ணே.”

“அக்கா, ஒரே ஒரு ஜாக்கெட்னு இன்னைக்கு மட்டும் எத்தனை பேரு சொல்லிட்டுப் போயிருக்காங்க தெரியுமா?”

இதைவிட வேடிக்கை ஒன்று. தாமதம் பெரும்பாலும் தையல் மிஷினில் நடப்பதே இல்லை தெரியுமா? சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டைக்கு ஏழெட்டுக் காஜா. காஜா மிஷின் விலை அதிகம் என்பதால் சின்னக் கடைகள் அதை வாங்கிப் போடுவதில்லை. கட்டுக் கட்டாகக் காஜா பட்டன் கடைக்கு அனுப்பும். ஏரியாவிலுள்ள எல்லாக் கடைச் சட்டையும் அந்த ஒரு மிஷின் முன்னால் வரிசையில் நிற்கும். சாதாரண நாளில் காலையில் கொடுத்தால் சாயங்காலம் வரும் கட்டு, கடைசி வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே கிடக்கும். “தைச்சாச்சு, காஜாவுக்குப் போயிருக்கு” என்று டெய்லர் சொன்னால் பாதி நேரம் அது நிஜம். நாம்தான் நம்புவதில்லை!

ஜாக்கெட்டுக்கு அதே நெரிசல் ஹெம்மிங்கில். கையால் மடித்துத் தைப்பதும் ஹூக் வைப்பதும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் உருப்படிக் கூலிக்குச் செய்வது. அவர்கள் வீட்டிலும் தீபாவளிதானே? முறுக்கு சுற்ற வேண்டும், வீடு கழுவ வேண்டும். கடைசி நாலு நாளில் கைத்தையலுக்கு ஆள் குறையும், உருப்படி மட்டும் குவியும்.

லைனிங் துணியோ வேறு கதை. அதை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் உள்துணி சுருங்கும், மேல்துணி அப்படியே நிற்கும், ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். மதுரைக்கு வருஷத்திலேயே அதிக மழை பெய்யும் மாதம் அக்டோபர்! காலையில் நனைத்தால் மத்தியானம் காயவேண்டிய துணி மூணு மணிக்கும் ஈரமாகத் தொங்கும். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். லைனிங்கை வீட்டிலேயே நனைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் அக்காமார்களின் ஜாக்கெட் ஏன் முதலில் வருகிறது என்று இப்போது புரிகிறதா? ஆரி வேலை என்றால் பேச்சே வேறு. ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி ஊசியால் குத்திக் குத்திச் செய்கிற வேலை. முதுகுப் பக்கம் அடர்த்தியாக டிசைன் இருந்தால் நாள்கணக்கில் ஆகும், அதுவும் தைப்பதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். அதற்குத் தனிக் கடைசித் தேதி போடாத கடை தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொள்கிறது.

எல்லாப் பண்டிகைக்கும் தேதி இப்படி முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்துவிடுமா? ரம்ஜானுக்குத் தெரியாது! நோன்பு 29இலும் முடியலாம், 30இலும் முடியலாம். பிறை சொல்ல வேண்டும். அதனால் விவரம் தெரிந்த டெய்லர் ‘29ஆம் நோன்புக்குள் டெலிவரி’ என்றுதான் வாக்குக் கொடுப்பார். சித்திரைத் திருவிழாவோ கறார். அழகர் வேஷம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களின் உடுப்பைத் தைப்பதில் பேர்போனவர்கள் புதுமண்டபத்து டெய்லர்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. வேஷத்தை ஒரு நாள் பிந்திக் கொடுத்தால் அடுத்த சித்திரைக்குத்தான் ஆகும். அழகர் யாருக்காகவும் ஆற்றில் இறங்குவதைத் தள்ளிப்போட மாட்டார்!

இத்தனையும் தெரிந்தவர் எழுதினால் போர்டு எப்படி இருக்கும்? இப்படி:

‘தீபாவளி ஆர்டர் அக்டோபர் 18 இரவு 8 மணி வரை. அதற்குள் எண்ணிக்கை நிரம்பினால் முன்பே நிறுத்தப்படும். துணி, லைனிங், அளவு ஜாக்கெட், அட்வான்ஸ் நான்கும் வந்த பிறகே ஆர்டர் கணக்கில் சேரும். ஆரி வேலை செப்டம்பர் 30 வரை மட்டும். டெலிவரி நவம்பர் 6 மாலைக்குள். நவம்பர் 7 ஆல்டரேஷனுக்கு மட்டும். புது ஆர்டர் இல்லை.’

இதில் மூணாவது வரியைக் கவனியுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது. “நான் பதினஞ்சாம் தேதியே கொடுத்தேனே” என்பார் வாடிக்கையாளர். துணியைக் கொடுத்தது 15, மேட்சிங் லைனிங் வாங்கி வந்தது 21 என்பது ரசீதில் இருக்காது. எது வந்ததும் நாள் எண்ண ஆரம்பிக்கும் என்று சொல்லாத வாக்கு, வாக்கே இல்லை.

அப்புறம் அந்த ரசீது! ஜாக்கெட் நவம்பர் 9ஆம் தேதி வந்தால் என்ன செய்யலாம் தெரியுமா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 55க்குள் போய்ப் பாருங்கள். குறித்த காலம்தான் முக்கியம் என்று இருவரும் எண்ணிச் செய்த ஒப்பந்தத்தில் ஒருவர் காலம் தவறினால், மற்றவர் அதை ரத்து செய்யலாம். ரசீதில் வெறும் தேதியோடு ‘தீபாவளிக்கு’ என்ற ஒரு வார்த்தையும் இருந்தால் அந்த வாதத்துக்கு எவ்வளவு வலு! ஆனால் அதே பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. தாமதமாக வந்ததைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. கேட்கப்போகிறேன் என்று வாங்கும்போதே தெரியப்படுத்தியிருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? கடையில் மனசுக்குள் திட்டிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் அரை மணி நேரம் கத்துகிறோம். சட்டத்தின் கண்ணில் அந்தக் கத்தல் செல்லாது!

டெய்லருக்கும் இதில் பங்கு உண்டு. கூலி தராதவரின் துணியை, கூலி வரும்வரை கொடுக்காமல் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை தருகிறது பிரிவு 170. இந்தப் பிரிவுக்குச் சட்டம் சொல்லும் உதாரணங்களில் ஒன்று யாரைப் பற்றியது தெரியுமா? ஒரு டெய்லரைப் பற்றி! கோட்டு தைக்கத் துணி வாங்கிய டெய்லர், தைத்து முடித்ததும் கொடுத்துவிடுகிறேன், காசுக்கு மூணு மாசத் தவணை என்று ஒப்புக்கொண்டால், காசு வரும்வரை கோட்டைப் பிடித்துவைக்க முடியாது என்கிறது அந்த உதாரணம். 1872இல் எழுதியது! ஆகையால், “காசு பொங்கலுக்குக் கொடுங்கக்கா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட வில்லாபுரம் டெய்லர், நவம்பர் 6ஆம் தேதி அந்த அக்கா வந்து நின்றால் ஜாக்கெட்டை எடுத்து நீட்டத்தான் வேண்டும்.