ஆறு மாதம் கழித்து ஓர் அழைப்பு

பிப்ரவரியில் "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிய நிறுவனமே ஆகஸ்டில் அதே ஆளைத் தேடிப் போன் செய்வது இப்போது அபூர்வமில்லை. ஓரிடத்துக்கு ஐந்து பேர் கடைசிச் சுற்று வரை வந்தால் நால்வர் திரும்பித்தான் போக வேண்டும். அந்த நால்வரில் ஒருவராவது, வேறொரு நாற்காலி காலியாக இருந்திருந்தால் அன்றே வேலையில் சேர்ந்திருப்பார். ஆள் எடுக்கும் துறையில் இவர்களை 'சில்வர் மெடலிஸ்ட்' என்பார்கள். அந்த நாற்காலி பிறகு காலியாகும்போது அவரைத் திரும்பக் கூப்பிடுவது சுலபம். அவர் வரும்படி கூப்பிடுவதுதான் கடினம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று தர மேலாளர் வேலைக்கு ஆள் தேடுகிறது. கடைசியில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் இரண்டு ஷிஃப்டிலுமாக நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவர். இன்னொருவர் வார்ப்பாலைகளில் பதினோரு வருடம் இருந்த பெண் பொறியாளர். வார்ப்பில் விழும் குறையைப் பார்த்ததும் அது மணலின் ஈரத்தால் வந்ததா, உருக்கிய உலோகத்தின் சூட்டால் வந்ததா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆறு பேருக்கு மேல் நிர்வகித்ததில்லை. வேலை முதலாமவருக்குப் போகிறது. முடிவில் தவறு ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் நிலைமை மாறுகிறது. வெளியிலிருந்து வாங்கும் வார்ப்புகளில் காற்றுத்துளைகள் அதிகமாகி, கடைசல் வரை போன பிறகு கழித்துப்போட வேண்டியிருக்கிறது. சப்ளையர்களின் பட்டறைக்கே போய்க் குறையைக் கண்டுபிடிக்க ஒரு தனிப் பதவியை உருவாக்குகிறார்கள். யாருக்கும் அந்தப் பெண்ணின் நினைவுதான் வரும். கோப்பைத் திறந்தால் என்ன இருக்கிறது என்பதில்தான் மீதிக் கதை.

"நல்ல கேண்டிடேட். அடுத்த முறை பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால் அது குறிப்பே அல்ல. "வார்ப்புக் குறை பற்றிய கேள்விகளில் பேனலில் மூவரும் மிக உயர்ந்த மதிப்பெண். பெரிய குழு நடத்திய அனுபவம் இல்லை, அதனால் மட்டுமே இரண்டாமிடம்" என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்தும் அது பேசும். அன்று சொன்ன காரணம் இன்றைய வேலைக்குப் பொருந்துமா என்று பார்த்தால் போதும். பொருந்தாது என்றால் கூப்பிடலாம். வேலையின் தேவையால் இரண்டாமிடம் வந்தவர் வேறு. ரெஸ்யூமேயில் பொய் எழுதியதாலோ பேனலிடம் நடந்துகொண்ட விதத்தாலோ கழிக்கப்பட்டவர் வேறு. பின்னவரின் குறை எந்த நாற்காலிக்கும் கூடவே வரும்.

இந்தக் குறிப்பை வைத்திருக்கவும் அனுமதி வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக விவரங்களை வாங்கினோமோ அந்த நோக்கத்தோடு அவற்றைக் கட்டிவைக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் விண்ணப்பித்தவருக்குத் தருகிறது. ஆகவே பிப்ரவரியிலேயே, வேலை இல்லை என்று சொல்லும்போதே, "வேறு பொருத்தமான வேலை வந்தால் கூப்பிட உங்கள் விவரங்களை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பதிலைப் பதிந்துகொள்வது நல்லது. அந்தக் கேள்வியைப் போனில், காரணத்தையும் சொல்லிக் கேட்டவர்களுக்கு இரண்டாவது அழைப்பு பாதி முடிந்த மாதிரி. கடைசிச் சுற்று வரை வந்தவருக்கு எந்திரம் அனுப்பும் மறுப்புக் கடிதத்தை அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து அன்பொழுகப் பேசினால் அவர் எப்படி நம்புவார்?

சரி, யார் கூப்பிடுவது? அன்று பேனலில் உட்கார்ந்த துறைத் தலைவரே கூப்பிடுவது உத்தமம். நேற்றுச் சேர்ந்த எச்.ஆர். ஊழியர் பட்டியலைப் பார்த்து அழைத்து "உங்க ரெஸ்யூமே அனுப்புங்க" என்றால், தன்னை யாருக்கும் நினைவில்லை என்பது எதிர்முனையில் உடனே புரிந்துவிடும். நேரமும் முக்கியம். பகல் பதினொரு மணிக்கு அவர் இப்போதைய மேலதிகாரியின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். எப்போது பேச வசதி என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு மாலையில் பேசலாம்.

எடுத்தவுடன் எதிர்முனையில் வரும் கேள்வி அநேகமாக இதுதான்: "போன தடவை வேண்டாம்னுதானே சொன்னீங்க சார்?"

இதற்கு மழுப்பினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "ஆமாம்மா. அந்த வேலைக்கு நாப்பது பேரை நடத்தினவர் வேணும்னு இருந்தது, அதனால அவரை எடுத்தோம். இது வேற வேலை. ஆள் மேய்க்கிறது இல்ல, ஃபவுண்டரி ஃபவுண்டரியாப் போய் காஸ்டிங்கைப் பார்க்கிறது. அதுல அன்னிக்கு உங்களைவிட நல்லா யாரும் பதில் சொல்லல" என்றால், பழைய மறுப்புக்கும் புதிய அழைப்புக்கும் முரண் இல்லை என்பது ஒரே மூச்சில் விளங்கிவிடும். வேறு யாரையும் பார்க்கிறோம் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். வேலை உறுதி என்ற தோரணையில் கூப்பிட்டு மறுபடியும் கைவிரித்தால், அந்தச் செய்தி கோவை மாதிரி ஊரில் ஒரு வாரத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிடும்.

ஒருவரை ஒரு வேலைக்கு மறுத்துவிட்டு இன்னொரு வேலைக்கு எடுப்பது பெரிய இடங்களிலும் நடப்பதுதான். மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த ஹோசே ஹெர்னாண்டஸ், நாசாவின் விண்வெளி வீரர் தேர்வில் பதினொரு முறை நிராகரிக்கப்பட்டவர். இடையில், 2001-ல், அதே நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். 2004-ல் விண்வெளி வீரராகவும் தேர்வாகி, 2009 ஆகஸ்டில் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் விமானம் ஓட்டவும் ரஷ்ய மொழி பேசவும் கற்றுக்கொண்டிருந்தார். முதல் விண்ணப்பத்தில் இருந்த ஆளும் கடைசி விண்ணப்பத்தில் இருந்த ஆளும் ஒன்றல்ல என்பதே இதில் கவனிக்க வேண்டியது. பழைய கோப்பு எத்தனை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், ஆறு மாதத்தில் என்ன மாறியது என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது.

அதற்காக மூன்று சுற்றையும் திரும்ப நடத்துவது அவமரியாதை. வார்ப்பு அறிவை பிப்ரவரியில் அளந்தாயிற்று. அன்று கேட்காத விஷயம், கோபக்கார சப்ளையரிடம் எப்படிப் பேசுவார் என்பது. ஆகவே ஒரே சுற்று: கழித்துப்போட்ட நிஜ வார்ப்பு ஒன்றை மேசையில் வைத்து, பட்டறைக்காரராக ஒருவரை எதிரே உட்கார வைத்தால் போதும். பழைய மதிப்பெண்ணைப் பார்க்காத ஒருவரும் பேனலில் இருப்பது நல்லது. மற்றவர்கள் ஏற்கெனவே மயங்கியிருக்கக்கூடும்.

சம்பளத்தில்தான் பல அழைப்புகள் உடைகின்றன. பிப்ரவரியில் அவர் சொன்ன தொகையை வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். நடுவில் ஏப்ரல் வந்து, இன்க்ரிமென்ட்டும் வந்திருக்கும். புதிதாகக் கேட்டுத் தொடங்குவதுதான் முறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மே மாதத்தில் அவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்திருக்கலாம். தகுதிகாண் காலத்தில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் குறைவு. மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம் என்று எச்.ஆருக்கு ஆசை தட்டும். ஆனால் மூன்று மாதத்தில் விட்டுப்போன வேலை அவரது ரெஸ்யூமேயில் நிரந்தரமாக நிற்கும், அதற்கு அடுத்த நேர்காணல்தோறும் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். அதை முன்கூட்டியே சொல்லி, வேலை விவரத்தை எழுத்தில் கொடுத்து, யோசிக்க ஒரு வாரம் விடலாம். அவர் "இப்ப வேண்டாம் சார், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றால், தேதியோடும் அவர் சொன்ன காரணத்தோடும் அதே கோப்பில் ஒரு வரி ஏற வேண்டும். சம்மதம் கேட்ட ஒரு வருடம் பிப்ரவரியில் முடிகிறது என்பதால், அதை நீட்டிக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.