பஞ்சர் போட்டாச்சு, விளக்கு ஏன் அணையவில்லை?

பஞ்சர் கடையில் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றையும் அளவாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். வண்டியை எடுத்தால், டயர் படத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்த மஞ்சள் விளக்கு அப்படியே எரிகிறது. ஒருவர் காரில் அது நாலைந்து கிலோமீட்டருக்குள் தானாக அணைந்துவிடும். இன்னொருவர் காரில் நாள் முழுக்க ஓட்டினாலும் அணையாது. இரண்டு கார்களும் பழுதில்லாமல்தான் இருக்கின்றன. டயரில் காற்று குறைந்ததைக் கண்டுபிடிக்க அவை வெவ்வேறு வழிகளைப் பயன்படுத்துகின்றன, அவ்வளவுதான்.

முதல் வழி நேரடியானது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடிப்பக்கத்தில், ஒரு சிறிய சென்சார் உட்கார்ந்திருக்கும். காற்றழுத்தத்தை அதுவே அளந்து, ரேடியோ அலையில் காருக்குச் சொல்லும். ஹூண்டாய், கியா கார்களில் பலவற்றில் இந்த முறைதான். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக அழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று திரையில் எண் தெரிந்தால், உங்கள் காரிலும் இதுதான் இருக்கிறது.

இரண்டாவது வழியில் சக்கரத்துக்குள் எதுவுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் எண்ணும் சென்சார்கள் உண்டு. அந்தக் கணக்கையே இதுவும் எடுத்துக்கொள்கிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும், அதன் சுற்றளவு ஒரு துளி குறையும், ஆகவே மற்றவற்றைவிடச் சற்றே வேகமாகச் சுழலும். வித்தியாசம் மிகச் சிறியது. 15 அங்குலச் சக்கரம் கொண்ட ஒரு சாதாரணக் கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 525 சுற்று சுற்றுகிறது. காற்று கணிசமாக இறங்கிய டயர் அதைவிட இரண்டு, மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றினாலே பெரிய விஷயம். புதிய கார்கள் டயரின் அதிர்வையும் சேர்த்துப் பார்க்கின்றன. எப்படிப் பார்த்தாலும் அழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று இந்த முறைக்குத் தெரியாது. ‘நீங்கள் சரி என்று சொன்ன நாளில் இருந்ததுபோல இப்போது இல்லை’ என்பது மட்டுமே தெரியும். போக்ஸ்வாகன், ஹோண்டா கார்களில் பலவற்றில் இந்த மறைமுக முறை உண்டு. திரையில் எண் இல்லாமல், ‘டயர் அழுத்தத்தைப் பதிவு செய்’ என்ற மாதிரி ஒரு பொத்தானோ மெனுவோ இருந்தால் இதுவென்று அறியலாம்.

இப்போது பஞ்சருக்கு வருவோம். நேரடி முறையில் வேலை எளிது. டயரில் மறுபடி 33 பி.எஸ்.ஐ. காற்று ஏறினால், சக்கரம் சுழன்றதும் சென்சார் விழித்துக்கொண்டு 33 என்று சொல்லிவிடும், விளக்கு அணையும். சிக்கல் வருவது டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போதுதான். உள்பக்கம் பேட்ச் ஒட்ட வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிக்கும் கருவி வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் சென்சார் உடைந்துபோகும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே “உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் பார்த்து எறக்குங்க அண்ணே” என்று சொல்லிவிடுவது அவசியம். வால்வு வழியாக ஊற்றும் பஞ்சர் திரவமும் சென்சாரின் நுண்துளையை அடைத்துவிடலாம்.

சென்சார் பழுதானதை விளக்கே காட்டிக்கொடுக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால், காற்று குறையவில்லை; ஏதோ ஒரு சக்கரத்திலிருந்து சேதி வரவில்லை என்று பொருள். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினாலும் இதே மினுக்கல்தான் வரும். சென்சாரின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை வரும். அதைத் தனியாக மாற்ற முடியாது, முழு சென்சாரையும்தான் மாற்ற வேண்டும்.

மறைமுக முறையில் பஞ்சருக்குப் பின் நடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு டயரும் 33-இல் இருந்தபோது கார் அந்த நிலையைப் பதிவு செய்திருக்கிறது. இடது பின் டயரில் ஆணி ஏறி, காற்று 24-க்கு இறங்கியதும் விளக்கு எரிகிறது. ஓட்டுபவர் அவசரத்தில் இருக்கிறார். டயரைப் பார்த்தால் பெரிதாக அமுங்கியதாகத் தெரியவில்லை. விளக்கு தொந்தரவாக இருக்கிறதென்று பதிவுப் பொத்தானை அழுத்திவிடுகிறார். விளக்கு அணைகிறது. ஆனால் கார் இப்போது அந்த 24-ஐயே சரியான அளவாகப் பாடம் பண்ணிக்கொண்டது. கால் பங்கு குறைந்தால் எச்சரிக்கும் கார் என்று வைத்துக்கொண்டால், அடுத்த எச்சரிக்கை அந்த டயர் 18-க்கு இறங்கும்போதுதான் வரும். அந்த நிலையில் நெடுஞ்சாலை வேகத்தில் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, பிய்ந்துபோகும்.

ஆகவே வரிசை முக்கியம். பஞ்சரைச் சரிசெய்த பிறகு, டயர்கள் ஆறியிருக்கும்போது, அந்த ஒன்றை மட்டுமல்ல, நான்கையும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். ஓடிச் சூடான டயர் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்பதால், சூட்டில் அளந்து 33 என்று நிறுத்தினால் ஆறியதும் 30-க்குக் கீழேகூடப் போகும். பொத்தானை அழுத்தியவுடன் காவல் தொடங்கிவிடுவதும் இல்லை. பல வேகங்களில் அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் கார் புதிய நிலையை முழுதாகக் கற்றுக்கொள்ளும்.

டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடும்போது இரண்டு முறைகளும் வேறு விதமாகத் தடுமாறுகின்றன. நேரடி முறையில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கார் நினைவில் வைத்திருக்கும். சில கார்கள் இடமாற்றத்தைச் சற்று தூரம் ஓடியதும் தாமாகவே கண்டுகொள்ளும். மற்றவற்றில் பட்டறையில் கருவி வைத்துப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் விளக்கு எரியாது, எண்களும் ஒழுங்காகத்தான் தெரியும். இடம் மட்டும் பொய். வலது முன் டயரில் மெதுவாகக் காற்று இறங்கும்போது திரை வலது பின் டயரைக் காட்டும். ஓட்டுபவர் நல்ல டயருக்குக் காற்றடித்து 40-க்கு ஏற்றுவார். இறங்குவது இறங்கிக்கொண்டே இருக்கும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மாற்றிப் போட்ட அன்று நான்கு டயரிலும் வேண்டுமென்றே 33, 34, 35, 36 என்று ஒவ்வோர் அளவாக வைத்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரையைப் பாருங்கள். சூட்டில் எல்லா எண்களும் ஒன்றிரண்டு ஏறியிருக்கலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. மாறியிருந்தால் மூலைகள் குழம்பியிருக்கின்றன.

மறைமுக முறைக்கு டயரின் அடையாளம் எதுவும் தெரியாது; அதைக் குழப்புவது தேய்மானம். முன்சக்கர இழுவை உள்ள காரில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். முன்னால் 4 மி.மீ. பட்டனும் பின்னால் 6 மி.மீ. பட்டனும் இருந்தால், சுமார் 300 மி.மீ. ஆரத்தில் அந்த 2 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் மேல். காற்று இறங்குவதால் வரும் மாற்றமும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவே மாற்றிப் போட்டுவிட்டுப் பதிவு செய்யாமல் ஓட்டினால், காற்று முழுதாக இருக்கும் டயரைப் பார்த்தே கார் எச்சரிக்கலாம். உண்மையில் இறங்கியதைக் கவனிக்காமலும் விடலாம். பஞ்சர் போட முடியாமல் கிழிந்த டயருக்குப் பதிலாக ஒரே ஒரு புது டயர் வாங்கிப் போடும்போதும் இதே கதை. பட்டன் முழுதாக உள்ள புது டயர் பெரிதாக இருப்பதால் மெதுவாகச் சுழலும்; அதன் பக்கத்தில் பழைய மூன்றும் காற்றிறங்கியவைபோலக் காருக்குத் தோன்றும்.