34 யூனிட், மாதம் 900 ரூபாய்

கருத்தரங்கு நடத்துபவரோ, முதலீட்டாளரோ, விருதுக் குழுவோ, யார் கேட்டாலும் ஒரு தொழில்முனைவோர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுப்பது எண்பது, நூறு சொற்கள்தான். இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு அதில் சிரமம் இல்லை. நிறுவனங்களின் பெயர்களே இடத்தை நிரப்பிவிடும். இருபத்திரண்டு வயதில் தொழில் தொடங்கியவரிடம் அந்தப் பட்டியல் கிடையாது. அதனால் "தொலைநோக்குப் பார்வை கொண்டவர்", "புதுமையில் தீராத ஆர்வம் உடையவர்" என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் கண் அங்கே நிற்பதே இல்லை.

திருப்பூரில் 22 வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிகள் வெட்டிய துணியைப் பண்டிலாகக் கட்டி, தையலுக்காகப் 'பவர் டேபிள்' எனப்படும் சிறு யூனிட்டுகளுக்கு அனுப்பும். எந்தப் பண்டிலில் என்ன சைஸ், என்ன கலர், எத்தனை பீஸ் என்பதைச் சலானில் எழுதுவார்கள். தைத்துத் திரும்பும்போது பத்துப் பீஸ் குறைந்தால், சனிக்கிழமை கணக்குப் பார்க்கும் நேரத்தில் தகராறுதான். இந்தக் கணக்கை ஃபோனிலேயே வைத்துக்கொள்ள அவர் ஒரு செயலி செய்திருக்கிறார். டவுன்லோட் 1,800. இதுவரை பணம் கட்டியவை 41 யூனிட். இப்போதும் மாதம் 900 ரூபாய் கட்டுபவை 34. முதல் மாதம் சேர்ந்த 12 யூனிட்டில் 10 இன்னும் விலகவில்லை.

இவற்றில் எதை எழுதுவது? கை தானாக 1,800-க்குத்தான் போகும். ஆனால் செயலியை இறக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே அழித்தவரும் அதில் சேர்த்தி. 41-லும் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். உருப்படியான எண் 34; அதைவிட முக்கியமானது 12-க்கு 10. முதலில் வந்தவர்கள் மாதாமாதம் கைக்காசைக் கட்டித் தங்கியிருக்கிறார்கள் என்றால், பொருள் வேலை செய்கிறது. அனுபவச் சான்றிதழ் சொல்ல வேண்டியதை இந்த எண் சொல்லிவிடும்.

அப்படியானால் குறிப்பு இப்படி வரலாம்:

"திருப்பூர் தையல் யூனிட்டுகள் பண்டில் கணக்கை ஃபோனிலேயே பார்க்க உதவும் செயலியை உருவாக்கியவர். 2025 ஜூன் நிலவரப்படி 34 யூனிட்டுகள் மாதம் 900 ரூபாய் கட்டி இதைப் பயன்படுத்துகின்றன. முதல் மாதம் சேர்ந்த 12-இல் 10 யூனிட்டுகள் இன்றும் தொடர்கின்றன. தந்தை நடத்தும் பவர் டேபிள் யூனிட்டில் பள்ளி நாளிலிருந்தே சலான் எழுதிப் பழகியவர். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர்."

சம்பளம் வாங்கிய வேலை இதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சலான் எழுதிய வருடங்கள் அனுபவம்தான். இந்தச் சிக்கல் அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அதுவே பதில். பலர் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். கல்லூரிப் போட்டியில் வாங்கிய கோப்பையை எழுதுகிறார்கள். உத்யம் பதிவையும் சாதனை வரிசையில் சேர்ப்பது சரியல்ல. அது தொழில் நடத்துபவர் தானே விவரம் கொடுத்துச் செய்துகொள்ளும் பதிவு.

எண்ணை எழுதும்போது எதை எண்ணினோம் என்பதையும் எழுதியாக வேண்டும். இதில் நழுவினால் எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்க மாணவர்களுக்கு உதவும் 'ஃப்ராங்க்' நிறுவனத்தை இருபதுகளின் நடுவில் தொடங்கியவர் சார்லி ஜாவிஸ். ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் முப்பது வயதுக்குட்பட்டோர் பட்டியலில் 2019-இல் இடம் பிடித்தார். 2021-இல் ஜேபி மார்கன் வங்கி 17.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தை வாங்கியது. 42.5 லட்சம் மாணவர்கள் வாடிக்கையாளர்கள் என்று வங்கியிடம் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் இருந்தது மூன்று லட்சத்துக்கும் குறைவு. இல்லாத மாணவர்களின் விவரங்களைச் செயற்கையாகத் தயாரிக்க வெளியாள் ஒருவருக்குப் பணம் கொடுத்ததும் வெளிவந்தது. வாடிக்கையாளர்கள் என்று தரப்பட்ட பட்டியலிலிருந்த முகவரிகள் சிலவற்றுக்கு வங்கி மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தபோது பெரும்பகுதி போய்ச் சேரவே இல்லை. 2025 மார்ச்சில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. செப்டம்பரில் ஏழு ஆண்டுக்கும் மேலான சிறைத் தண்டனை கிடைத்தது.

தளத்துக்கு வந்து எட்டிப் பார்த்தவர் வேறு, கணக்குத் தொடங்கியவர் வேறு, பணம் கட்டியவர் வேறு. மூன்றையும் 'பயனர்' என்ற ஒரே பெயரில் போட்டால் பொய் சொல்ல நினைக்காதவருக்குக்கூட எண் ஊதிப்போகும். அதனால் திருப்பூர்ப் பெண் தன் குறிப்பை அனுப்புமுன், அந்த 34-க்கும் பில்லும் வங்கிக் கணக்கில் வரவும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். 34-ஐ 900-ஆல் பெருக்கினால் மாதம் 30,600 ரூபாய் வந்திருக்க வேண்டும். 26,000-தான் வந்திருக்கிறது என்றால் சிலர் பாக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். அப்போது குறிப்பில் 34 நிற்கக் கூடாது. பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணி எழுத வேண்டும். மாதம் மாறினால் 'ஜூன் நிலவரப்படி' என்பதும் எண்ணோடு சேர்ந்து மாற வேண்டும்.