சேப்பாக்கத்தில் 170 என்பது யாருடைய ஸ்கோர்?

டிவியில் மேட்ச் பார்க்கும்போது ஆறு ஓவர் முடிந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு எண் வரும். இதே வேகத்தில் ஆடினால் 20 ஓவரில் இவ்வளவு என்று. வீட்டில் யாராவது ஒருவர் அதை நம்பிவிடுவார். நானும் பல வருடம் நம்பியிருக்கிறேன். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது வெறும் பெருக்கல் என்பது புரிந்தபிறகு அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

முதலில் ஆடும் அணி எவ்வளவு எடுக்கும் என்பதைக் கொஞ்சம் நாணயமாகக் கணிக்க முடியுமா? முடியும். ஆனால் ஒரு மைதானத்தின் சராசரியிலிருந்து தொடங்கினால் முதல் அடியிலேயே சறுக்கும். 2024 ஐபிஎல் சீசனில் சேப்பாக்கத்தில் ஒன்பது ஆட்டங்கள் நடந்தன. முதலில் ஆடிய அணிகளின் ஸ்கோர், நடந்த வரிசையில்: 173, 206, 137, 210, 212, 162, 141, 175, 113. சராசரி போட்டால் 170 வரும். ஆனால் இந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பாருங்கள். 113, 137, 141 ஒரு கும்பல். 162, 173, 175 இன்னொரு கும்பல். 206, 210, 212 மூன்றாவது. ஒரே ஊர், ஒரே மைதானம், சுமார் இரண்டு மாதத்தில் மூன்று வேறு ஆட்டங்கள். 170 என்று ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தால் ஒன்பதில் மூன்று முறைதான் பக்கத்தில் வந்திருப்பார்.

ஆகவே கணிப்பின் முதல் வேலை, இன்றைய ஆட்டம் எந்தக் கும்பலைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது. அதைச் சொல்வது பிட்ச்.

சேப்பாக்கத்தின் நடுவில் இருப்பது ஒரே பிட்ச் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் பல பிட்ச்கள் இருக்கின்றன. சில செம்மண், சில கரிசல். செம்மண் சீக்கிரம் காயும். நன்றாக உருட்டி இறுக்கினால் பந்து எழும்பி பேட்டுக்கு வரும். கரிசலில் களி அதிகம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; பந்து தாழ்ந்து, மெதுவாக வரும். இது பொதுவான குணம் மட்டுமே. அதே பிட்ச் இந்த சீசனில் ஏற்கெனவே ஆடப்பட்டதா, மேலே புல் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், ஆட்டம் மதியமா ராத்திரியா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். 141 வந்தது ராஜஸ்தான் ஆடிய மதிய ஆட்டத்தில். அவர்கள் ஆல் அவுட் ஆகவில்லை, ஐந்து விக்கெட்தான் போனது. கையில் ஆள் இருந்தும் அடிக்க முடியவில்லை. பிட்ச் அவ்வளவு மந்தம்.

மண்ணின் நிறத்தை வர்ணனையாளர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதைவிட நம்பகமான சாட்சி முதல் மூன்று ஓவர். விக்கெட் கீப்பர் பந்தை எந்த உயரத்தில் பிடிக்கிறார் என்று பாருங்கள். நல்ல வேகப்பந்து வீச்சாளரின் பந்தை முழங்கால் உயரத்தில் குனிந்து எடுக்கிறாரென்றால் அது தாழ்ந்த பிட்ச். அடுத்து, டிரைவ் ஆடும்போது பந்து மிட் ஆஃப் பக்கம் தரையோடு பாய்கிறதா, அல்லது பேட் முன்னால் போய்விட்டு பந்து மெத்தென்று மேலே எழும்புகிறதா? பின்னது நடந்தால் பந்து நின்று வருகிறது. அப்படி இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டால் 200 என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

இரண்டாவது விஷயம் பேட்டிங் ஆழம். எத்தனை பேர் அடிப்பார்கள் என்று எண்ணுவதாக இதை நினைக்கிறோம். எனக்கு இது கையிருப்புக் கணக்கு மாதிரிதான் தெரிகிறது. 20 ஓவர் என்றால் 120 பந்து. உருப்படியாக ஆடக்கூடியவர்கள் ஏழு பேர் என்றால், சுமார் 17 பந்துக்கு ஒரு விக்கெட் செலவு செய்யலாம். எட்டு பேர் என்றால் 15 பந்துக்கு ஒன்று. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் தொடக்க ஆட்டக்காரர் முதல் பந்திலேயே தூக்கி அடிக்கத் துணிவது அந்த வித்தியாசத்தில்தான். 2023-இல் வந்த இம்பாக்ட் வீரர் விதி செய்தது இதைத்தான். முதலில் ஆடும் அணி பந்து மட்டும் வீசும் ஒருவருக்குப் பதில் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேனை இறக்கலாம். பழைய ஐபிஎல் கணக்கை வைத்து 160 நல்ல ஸ்கோர் என்று சொல்பவர்கள் இன்று தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு ஆட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 2024 மே 24, சேப்பாக்கம், இரண்டாவது குவாலிஃபையர். ராஜஸ்தானுக்கு எதிராக ஹைதராபாத் முதலில் ஆடுகிறது. பவர்பிளே ஆறு ஓவர் முடிவில் 3 விக்கெட்டுக்கு 68. டிவி கணக்கு 227 என்று சொல்லும்.

நம் கணக்கு இப்படிப் போகும். மீதி 84 பந்து. கையில் ஏழு விக்கெட். ஆனால் பேட்ஸ்மேன் என்று நம்பக்கூடியவர்கள் ஹெட், கிளாசன், நிதிஷ் ரெட்டி, சமத், பின்னால் இம்பாக்ட் வீரராக வரும் ஷாபாஸ் அகமது, ஐந்து பேர். கம்மின்ஸ் சுழற்றுவார், ஆனால் அவரை நம்பி வீடு கட்டக்கூடாது. ஐந்து பேர், 84 பந்து: 17 பந்துக்கு ஒரு விக்கெட்டுக்கு மேல் போகக்கூடாது. இதுவரை அவர்கள் செலவு செய்த வேகமோ 12 பந்துக்கு ஒன்று. அதே வேகத்தில் அடித்தால் 16-ஆவது ஓவரிலேயே அந்த ஐந்து பேரும் போய்விடுவார்கள். எனவே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அதோடு பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், இனி ஐந்து பேர் நிற்பார்கள். பந்துவீச வரப்போவது அஷ்வினும் சஹலும். இந்த மாதிரி மந்தமான பிட்சில் நடு ஒன்பது ஓவருக்கு ஓவருக்கு ஆறரை என்று வைப்பேன்: 58 ரன். அது 126. கடைசி ஐந்து ஓவரில் கிளாசன் நின்றால் ஓவருக்குப் பத்து, இன்னொரு 50. மொத்தம் 176. கிளாசன் சீக்கிரம் போனால் 155, அவரும் இன்னொருவரும் கடைசிவரை நின்றால் 195. என்னைக் கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லாமல் இந்த மூன்றையும் சொல்லிவிடுவதுதான் யோக்கியமான கணிப்பு.

நடந்தது என்ன? 14-ஆவது ஓவரில் ஆவேஷ் கான் அடுத்தடுத்த பந்துகளில் நிதிஷ் ரெட்டியையும் சமத்தையும் எடுத்தார். 6 விக்கெட்டுக்கு 120. கிளாசன் 50 அடித்தார். முடிவில் 9 விக்கெட்டுக்கு 175. முடிவு தெரிந்தபிறகு கணக்குப் போடுவது சுலபம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் 227 எங்கே தவறியது என்பது அந்த ஆறாவது ஓவரிலேயே தெரிந்த விஷயம்.

வெறும் பெருக்கல் எப்போதும் அதிகமாகத்தான் சொல்லும் என்றும் நினைக்கவேண்டாம். அதே ஹைதராபாத் அணி ஏப்ரல் 15 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஆறு ஓவரில் விக்கெட் இழக்காமல் 76 எடுத்தது. பெருக்கினால் 253. வந்தது 287. பத்து விக்கெட்டும் பெட்டியில் பத்திரமாக இருந்ததால் மீதி 14 ஓவரையும் கடைசி ஐந்து ஓவர் மாதிரியே ஆடினார்கள். மொத்த இன்னிங்ஸிலும் போனது மூன்றே விக்கெட், 40 பந்துக்கு ஒன்று.

மூன்றாவது, மைதானத்தின் அளவு. இதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், உண்மையில் மூன்றில் இதற்குத்தான் எடை குறைவு. பிட்சின் நடுவிலிருந்து எல்லைக்கோடு 65 கஜத்துக்குக் குறையக்கூடாது, 90 கஜத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச விதி. இந்த இடைவெளிக்குள் கயிறை எங்கே போடுகிறார்கள் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஓரத்திலுள்ள பிட்சில் ஆடினால் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் இருக்கும். சின்னசாமி சிறிய மைதானம், ஊரும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து இன்னும் கொஞ்சம் பறக்கும்.

அளவு ரன்னை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அந்த 287-ஐயே பாருங்கள். அதில் 22 சிக்ஸர், அதாவது 132 ரன். கயிறு சில மீட்டர் தள்ளி இருந்து, 22-இல் நான்கு மட்டும் எல்லையில் கேட்ச் ஆகியிருந்தால் போவது 24 ரன் மட்டும் இல்லை, நான்கு விக்கெட்டும் போகும். மூன்று விக்கெட் ஏழாகும். பெரிய மைதானம் இப்படி கையிருப்பில்தான் கை வைக்கிறது. ஆனால் பந்து பேட்டுக்கு வராத நாளில் குட்டை பவுண்டரி உதவாது. 2025 ஏப்ரலில் அதே சின்னசாமியில் மழையால் 14 ஓவராகக் குறைந்த ஆட்டத்தில் பெங்களூரு 9 விக்கெட்டுக்கு 95. கயிறு எங்கும் ஓடிப்போகவில்லை; பந்து நின்று வந்தது.

இனி அந்த 113. மே 26 இறுதி ஆட்டம், செம்மண் பிட்ச், கம்மின்ஸ் டாஸ் வென்று பேட்டிங் எடுத்தார். ஸ்டார்க் முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவை போல்டாக்கினார். அடுத்த ஓவரில் ஹெட், சந்தித்த முதல் பந்திலேயே அவுட். ஆறு ஓவரில் 3 விக்கெட்டுக்கு 40. மீதி ஏழு விக்கெட் 75 பந்தில் போயின, 11 பந்துக்கு ஒன்று. பிட்சைப் பார்த்து 113 என்று யாரும் சொல்லியிருக்க முடியாது, சொல்லியிருந்தால் அது அதிர்ஷ்டம். பிட்ச் எவ்வளவு தாங்கும் என்பதை நாம் சொல்லலாம். இரண்டு நல்ல பந்துகள் முதல் இரண்டு ஓவரிலேயே விழும் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

தவறு பிட்சைப் படித்ததிலா, விக்கெட் கணக்கிலா என்று பிறகு சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது ஆடிய அணியைப் பாருங்கள், பனி ஆட்டத்தை மாற்றாத நாளாக இருந்தால். பெங்களூருவில் 287-க்குப் பதிலாக 262 வந்தது; ஆக, பிட்சே அப்படிப்பட்டது. குவாலிஃபையரில் பனி வரும் என்று நம்பி சஞ்சு சாம்சன் பந்துவீச்சை எடுத்தார், பனி வரவில்லை, ராஜஸ்தான் 139-இல் நின்றது. மந்தமான பிட்ச் என்பது உறுதியானது. இறுதி ஆட்டத்தில் கொல்கத்தா 114 ரன்னை 2 விக்கெட்டுக்கு 10.3 ஓவரில் எடுத்து முடித்தது.