கடை மறந்தே ஆக வேண்டிய எண்

உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள். கையெழுத்துப் பட்டைக்குப் பக்கத்தில் மூன்று இலக்கங்கள் இருக்கும். சிவிவி என்கிறோமே, அதுதான். இந்த எண் அட்டையில் அச்சாகியிருப்பதோடு சரி; காந்தப் பட்டையிலும் இல்லை, சிப்பிலும் இல்லை. அதனால், கார்டைத் தேய்க்கும்போது பட்டையிலுள்ள தகவலை ஒருவன் திருடினாலும் இந்த மூன்று இலக்கம் அவனுக்குக் கிடைக்காது. இணையத்தில் பணம் கட்டும்போது, கார்டு உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது? கார்டு எண், காலாவதித் தேதி ஆகியவற்றோடு தன்னிடமுள்ள ரகசியச் சாவியையும் சேர்த்து வங்கி இதைக் கணக்கிடுகிறது. நீங்கள் எண்ணைத் தட்டியதும் கடை அதை வங்கிக்கு அனுப்பும். வங்கி அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். அந்தப் பதில் வந்தபின் கடைக்கு அந்த எண்ணால் ஒரு வேலையும் இல்லை. மாதச் சந்தாவுக்கும் முதல் முறை கேட்டால் போதும்; அடுத்தடுத்த மாதங்களில் அது இல்லாமலே பணம் பிடிக்க முடியும்.

விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் சேர்ந்து 2004இல் கொண்டுவந்த பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் இதனால்தான் இவ்வளவு கறாராக இருக்கின்றன. வங்கியின் பதில் வந்ததும் எண்ணை அழித்துவிட வேண்டும். பூட்டிய வடிவில், அதாவது என்கிரிப்ட் செய்தும்கூட, வைத்திருக்கக் கூடாது. ஹோட்டல் படிவத்தில் எழுதி வைப்பதும், தொலைபேசி ஒலிப்பதிவில் விட்டு வைப்பதும் இதே தவறுதான். கடையின் தகவல் கிடங்கை யாராவது கொள்ளையடித்தாலும் சாட்சி அங்கே இருக்கக் கூடாது என்பதே நோக்கம்.

வேண்டுமென்றே சேமிக்காதவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது ஒரு விஷயம் வெளிவந்தது. சோதனைக்காக வைத்திருந்த ஒரு வசதியை, மென்பொருள் புழக்கத்துக்கு வந்தபின் அணைக்க மறந்திருந்தார்கள். ஒரு வகைப் பயணச்சீட்டுப் பரிவர்த்தனைகளின் கார்டு விவரங்கள், பெரும்பாலும் சிவிவியோடு, பூட்டில்லாத பதிவுக் கோப்புகளில் 2015 முதலே விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கோப்பும் 95 நாள் இருக்கும். புகுந்தவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் சுமார் 1,08,000 கார்டுகளின் விவரம் கிடந்தது. அந்த ஊடுருவலுக்காக 2020இல் ஆணையம் விதித்த அபராதம் 2 கோடி பவுண்டு.

இந்தியாவில் இணையப் பரிவர்த்தனைக்கு ஓடிபியும் தேவைப்படுவதால் நாம் கொஞ்சம் தப்பிக்கிறோம். ஆனால் பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. அங்கே கார்டு எண்ணும் தேதியும் இந்த மூன்று இலக்கமும் இருந்தாலே பணம் போய்விடும்.

கார்டைச் செருகி, பின் எண் போட்டு நேரில் பணம் கட்டும்போது இந்த எண் தேவையே இல்லை. கவுண்டரில் யாராவது அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டால், கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.