விடைத்தாளில் விட்டுப்போன ஐந்து

அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைப் பிள்ளை செல்போனில் படமெடுத்து வருகிறான். முகப்பில் 75. உள்ளே கூட்டினால் வேறு எண் வருகிறது. உடனே ஆசிரியரைக் கூப்பிட வேண்டாம். முதலில் படத்தைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் இருக்கிறதா, கடைசியில் கட்டிய கூடுதல் தாள் இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா? மதிப்பெண் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிய படம் உதவாது. சிவப்பு மை மங்கி, ஆசிரியர் போட்டதும் பையன் எழுதியதும் ஒன்றுபோலத் தெரியும்.

பக்கம் பக்கமாகக் கூட்டாமல் வினா எண் வரிசையில் எழுதிக் கூட்டுவதே நல்லது. பிள்ளைகள் வரிசைப்படி விடை எழுதுவதில்லை. தவறு ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2, மொத்தம் 100. முகப்புப் பட்டியலில் 12, 17, 33, 13. கூட்டல் 75, பிழையில்லை. ஆனால் உள்ளே ஐந்து மதிப்பெண் பகுதியில் 38 வருகிறது. வித்தியாசம் சரியாக 5. அப்படியானால் முழு மதிப்பெண் பெற்ற ஒரு வினா விட்டுப்போயிருக்கலாம். தேடினால் கூடுதல் தாளில் 36ஆம் வினா, பக்கத்தில் 5. வித்தியாசம் 9இன் மடங்காக இருந்தால் இலக்கம் இடம் மாறியதா என்றும் பார்க்கலாம். 63ஐ 36 என்று எழுதினால் 27 குறையும்.

ஒரு எச்சரிக்கை. பத்துக்குப் பதில் பதினொரு வினா எழுதியிருந்தால் பதினொன்றையும் கூட்டிவிட்டு உரிமை கோரக் கூடாது. பத்துதான் கணக்கு.

கடிதத்தில் கூட்டலை மட்டும் கேளுங்கள். 'இந்த விடைக்கு இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்' என்பதையும் சேர்த்தால் அது மதிப்பீட்டு வாதமாகி, தெளிவான பிழையும் அதில் அமுங்கிப்போகும். இப்படி எழுதலாம்:

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,
வணக்கம். நான் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன். அரையாண்டுக் கணித விடைத்தாளின் கூடுதல் தாளில் 36ஆம் வினாவுக்கு 5 மதிப்பெண் வழங்கியுள்ளீர்கள். முகப்புப் பட்டியலில் அது சேரவில்லை எனத் தோன்றுகிறது. அதையும் சேர்த்தால் மொத்தம் 80 வருகிறது. அருள்கூர்ந்து சரிபார்த்து, சரியெனில் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இரு பக்கங்களின் படங்களை இணைத்துள்ளேன்.

கீழே பெயர், வரிசை எண், தேதி, கையெழுத்து. 'தோன்றுகிறது', 'சரியெனில்' என்ற இரண்டும் வெறும் பவ்வியம் அல்ல. அசல் தாள் ஆசிரியரிடம்தான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது படம்.

பொதுத்தேர்வுக்கு இந்தக் கடிதம் செல்லாது. அங்கே அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் தேதிக்குள் கட்டணம் கட்டி, மறுகூட்டலுக்கு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். பள்ளித் தேர்வென்றால், திருத்திய பிறகு விடைத்தாளோடு மதிப்பெண் பதிவேட்டிலும் 80 ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேங்க் கார்டு பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது.