நெல்லுக்கு நாள் கணக்கை அறுவடையிலிருந்து போடுங்கள்

உர மூட்டை வாங்கும் கடையிலும் டீக்கடை பெஞ்சிலும் நெல் பற்றிய பேச்சில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நட்டு எத்தனை நாளாச்சு?" அந்த எண்ணை வைத்துத்தான் பலர் அடுத்த யூரியாவை முடிவு செய்கிறார்கள். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் பாதி விஷயம்தான் அதில் இருக்கிறது.

நெல்லின் வாழ்க்கை மூன்று கட்டம். விதையிலிருந்து தூர் கட்டி முடியும் வரை ஒன்று. தண்டுக்குள் இளங்கதிர் உருவாகிப் பூக்கும் வரை இரண்டாவது. பூத்ததிலிருந்து மணி முற்றும் வரை மூன்றாவது. பின்னிரண்டு கட்டங்களும் எந்த ரகமானாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கதிர் உருவாகத் தொடங்கிப் பூக்க 30 முதல் 35 நாள், பூத்தபின் முற்ற இன்னொரு 30 நாள். 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க முதல் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே ரகத்தின் மொத்த வயதிலிருந்து 60 முதல் 65 நாளைக் கழித்தால், இளங்கதிர் உருவாகும் நாள் கிடைத்துவிடும். சம்பாவில் நடும் சி.ஆர். 1009 ரகத்துக்கு அது விதைத்து 90 நாளுக்கு மேல். குறுவையில் நடும் ஆடுதுறை 43 ரகத்துக்கு 45 முதல் 50 நாளுக்குள். 23 நாள் நாற்றை நட்டிருந்தால், நட்டு நாலு வாரம் ஆவதற்குள் கதிர் உள்ளே உருவாகத் தொடங்கிவிடும். சம்பாப் பழக்கத்தில் "நட்டு நாப்பத்தஞ்சு ஆகட்டும்" என்று காத்திருப்பவர் குறுவையில் யூரியா போடும்போது பயிர் தொண்டைக்கதிருக்கு வந்திருக்கும். ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அதற்குள் பெருமளவு முடிவாகியிருக்கும். அப்போது விழும் உரத்தால் இலை கறுக்குமே தவிர, மணி எண்ணிக்கை பெரிதாகக் கூடாது.

இந்தக் கணக்கை வைத்துத் தஞ்சைப் பக்கத்தில் ஒரு ஏக்கர் குறுவைக்கு அட்டவணை போட்டுப் பார்ப்போம். ஜூன் 15-ல் விதைப்பு, ஜூலை 8-ல் நடவு, அக்டோபர் முதல் வாரம் அறுவடை. காவிரிப் படுகைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:50:50 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 60:20:20. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதில் உள்ள அளவுதான் செல்லும். இது அட்டை இல்லாதவர்களுக்கு.

| பருவம் | தேதி | உரம் (ஏக்கருக்கு) | தண்ணீர் |
|---|---|---|---|
| கடைசி உழவு | ஜூலை 7 | டி.ஏ.பி. 44, யூரியா 15, பொட்டாஷ் 8 கிலோ | சேறாக |
| பச்சை பிடித்தல் | ஜூலை 8–15 | – | 2 செ.மீ. |
| தூர் கட்டுதல் | ஜூலை 22 | யூரியா 33, பொட்டாஷ் 8 கிலோ | காய்ச்சலும் பாய்ச்சலும் |
| இளங்கதிர் உருவாதல் | ஆகஸ்ட் 2 | யூரியா 33, பொட்டாஷ் 8 கிலோ | 5 செ.மீ., லேசாகக் காயலாம் |
| கதிர் எட்டிப் பார்த்தல் | ஆகஸ்ட் 26 | யூரியா 33, பொட்டாஷ் 8 கிலோ | 5 செ.மீ., காயவே கூடாது |
| பால் பிடித்து முற்றுதல் | செப்டம்பர் 10 முதல் | – | மறைந்தபின் பாய்ச்சல் |

டி.ஏ.பி. முழுவதும் அடியுரமாகவே போவதற்குக் காரணம் உண்டு. மணிச்சத்து மண்ணில் நகராது. வேர் விடும்போதே பக்கத்தில் இருக்க வேண்டும். தழைச்சத்து நேரெதிர். போட்ட இடத்தில் நிற்காது, காற்றிலும் நீரிலும் போய்விடும். அதனால்தான் நான்கு தவணை. டி.ஏ.பி.யிலேயே 8 கிலோ அளவுக்குத் தழைச்சத்து வந்துவிடுவதால் அடியுரத்தில் யூரியா குறைந்திருக்கிறது. இதைக் கழிக்காமல் முழு யூரியாவும் கொட்டுவது பரவலான வீண்செலவு.

அட்டவணையில் ஜூலை 22-க்கும் ஆகஸ்ட் 2-க்கும் நடுவே பதினோரு நாள்தான் இருக்கிறது. குறுவையின் நெருக்கடியே இதுதான். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்று நடவு பத்து நாள் தள்ளினாலும் கதிர் உருவாவது பத்து நாள் முழுசாகத் தள்ளாது. தூர் கட்டும் காலம்தான் சுருங்கும். அப்போது முதல் மேலுரத்தைத் தாமதிக்காமல் போட்டுவிடுவதும், குத்துக்கு ஒரு நாற்று கூடுதலாக வைத்து நெருக்கி நடுவதும்தான் வழி.

தேதியை நம்ப வேண்டாம் என்றால் வயலையே கேட்கலாம். ஆகஸ்ட் 2 நெருங்கும்போது நாலைந்து இடத்தில் குத்தின் தாய்த் தூரைப் பிடுங்கி, வேருக்கு மேலே பிளேடால் நெடுக்குவாட்டில் கீறுங்கள். மேல் கணுவுக்கு மேலே பஞ்சு நுனி மாதிரி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளைக் கூம்பு தெரிந்தால் இளங்கதிர் உருவாகிவிட்டது. யூரியாவுக்கு மறுநாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உள்ளே வெறும் இலைச் சுருள்தான் என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கீறிப் பார்க்கலாம்.

யூரியா போடும் நாளில் தண்ணீர்ப் பக்கமும் கவனிக்க வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீரில் யூரியாவை விசிறினால், பகல் வெயிலில் பாசி வளர்ந்த நீரின் காரத்தன்மை ஏறி, சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். முதல் நாளே நீரை வடித்து, மண் மட்டும் ஈரமாய் இருக்கையில் மாலையில் போட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாய்ச்சினால் சத்து வேருக்குக் கீழிறங்கும். உரம் போட்டபின் நெடுநாள் காயவிட்டு மறுபடி வெள்ளம் கட்டுவதும் தவறு. சத்து வேறு வடிவுக்கு மாறி வாயுவாகப் போகும்.

தண்ணீர்ப் பத்தியில் உள்ள காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதை அளந்தும் செய்யலாம். 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே நிரம்பிய மண்ணை எடுத்துவிட்டால் போதும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கும்வரை பாய்ச்ச வேண்டியதில்லை. இறங்கியதும் 5 செ.மீ. கட்டலாம். மேலே மயிரளவு வெடிப்பு தெரிந்தாலும் பயிர் வாடாது, வேருக்குக் கீழே ஈரம் இருக்கிறது. ஆனால் பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை இந்தச் சிக்கனம் கூடாது. அந்தக் காய்ச்சலுக்குப் பதர்தான் கிடைக்கும்.

ஆகஸ்ட் 26-ல் போடும் யூரியாவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. அப்போது இலை நல்ல பச்சையாக இருந்தால் அந்த 33 கிலோவை வீட்டிலேயே வைத்துவிடலாம். வேளாண் துறையினர் தரும் இலை வண்ண அட்டையை, நன்கு விரிந்த மேல் இலையோடு நம் உடல் நிழலில் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்து இலையில் ஆறுக்கு மேல் நான்காம் நிறத்தைவிட வெளுத்திருந்தால் மட்டும் போடுங்கள். கருத்த இலையோடு நிற்கும் பயிரில் புகையானும் குலை நோயும் எளிதில் ஏறும். கதிர் கனத்ததும் முதல் மழையிலேயே சாயும். பொட்டாஷை நிறுத்தத் தேவையில்லை.

செப்டம்பர் 20 வாக்கில் வடிகாலைத் திறந்துவிடலாம். களிமண் வயலில் இரண்டொரு நாள் முன்னதாகவே திறந்தால்தான் அறுவடை இயந்திரம் புதையாது. அதற்கும் மேல் அவசரப்பட்டால் கதிரின் அடியில் உள்ள மணிகள் அரைகுறையாய் நின்றுவிடும். அரைக்கும்போது குருணைதான் கூடும்.